மணிக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சுது? ஃப்ரீலான்ஸ் கணக்குக் கேள்வி பதில்

கிளிநொச்சி: மூன்று மாதத்தில் 900 டொலருக்கு இன்வாய்ஸ் போட்டிருக்கிறேன், டைமரில் 100 மணித்தியாலம். மணிக்கு 9 டொலர், சரிதானே அக்கா?

இல்லை தங்கச்சி. நீங்கள் அனுப்பிய விபரப்படி 600 டொலர் ஃப்ரீலான்ஸ் தளம் வழியாக வந்த வேலை, அதில் 20 சதவீதம் அவர்கள் எடுக்க மிச்சம் 480. நேரடி வாடிக்கையாளரின் 300இல் 100 இன்னும் வரவில்லை, வராத காசை வரும்வரைக்கும் எண்ணக் கூடாது. கைக்கு வந்தது 680. டேட்டா, மென்பொருள் சந்தா, வங்கிக் கழிவு என்று 80 போக 600.

இனி நேரம். வேலைக்கு விண்ணப்பம் எழுதினது, விலை பேசினது, "எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்கோ" என்று ராத்திரி வந்த திருத்தம், காசு கேட்டு மூன்று தரம் நினைவூட்டினது, இதுக்கெல்லாம் டைமர் ஓடவில்லை. இரண்டு வாரம் கொப்பியில் குறித்தீர்களே, அதில் டைமரின் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் வெளியே ஒரு மணித்தியாலம் விழுந்திருக்கு. அப்படியென்றால் 100 அல்ல, 150. 600ஐப் பிரித்தால் மணிக்கு 4 டொலர். அந்த இரண்டு வாரமும் வேலை தேடின வாரமென்றால் விகிதம் கூடித் தெரியும், அதனால் இன்னொரு இரண்டு வாரம் குறியுங்கள். ஞாபகத்தில் மட்டும் எழுதாதீர்கள்.

மாங்குளம்: டைமருக்கு வெளியே போகிற நேரத்துக்கு எல்லா வேலைக்கும் ஒரே வீதம் போட்டால் போதாதா?

மொத்தக் கணக்குக்குப் போதும். எந்த வேலையை விடுவது என்று பார்க்கப் போதாது. 60 டொலர் லோகோ ஒன்று, டைமரில் 4 மணி. தளம் எடுத்தபின் 48, மணிக்கு 12 என்று நல்லாத்தான் தெரியும். அனுப்பிய செய்திகளின் நேரத்தைப் பார்த்தால் பேச்சும் திருத்தமும் இன்னும் 8 மணி. அதுவும் 4 டொலர்தான். சின்ன வேலைக்குத்தான் பேச்சு அதிகம்.

முல்லைத்தீவு: காசு எடுக்க எந்தக் கணக்குத் திறக்கிறது?

அது வேறு கதை தம்பி, வங்கியில் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு: கரண்ட் போய்க் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தானே?

அன்றைக்கே கொடுக்கவேண்டிய வேலைக்காக லப்டொப்புக்குப் பக்கத்தில் இருந்தால் நான் சேர்ப்பேன். தோட்டத்துக்குப் போய்விட்டால் சேர்க்கமாட்டேன்.

முழங்காவில்: நான் அந்த நேரம் மாட்டை அவிழ்க்கப் போவேன், அதற்காக என் நேரம் குறையுமோ? அப்போ கைபேசியும் கையிலதானே!

கைபேசி கையில் இருந்தால் வேலையா? பதில் எழுதினால் எழுதின நிமிடத்தைக் குறியுங்கள்.

புதுக்குடியிருப்பு: மாடு பார்க்கிறவர் ஒரு மணித்தியாலம் கூடச் சும்மா இல்லை. நான்தான் இருட்டில் இருக்கிறேன், எனக்கு அது முழுக்க வேலை.

சரி, இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிசென்றால் பிரச்சினை மாட்டில் இல்லை, பற்றரியில்.

வவுனியா: தளக் கட்டணத்தையும் கழிக்கவேணுமா?

முதல் பதிலை வாசியுங்கோ. இன்றைக்கு நாலாவது ஆள் நீங்கள்.

முழங்காவில்: அக்கா, மாட்டு விஷயம் இன்னும் முடியவில்லை.