சின்ன ரூம்ல எதிரொலி: பேனல் எத்தனை வேணும், ஃபோன்லயே எப்படி அளக்கிறது

கேள்வி: "வணக்கம் சார், வீட்ல 10க்கு 12 ரூம்ல உக்காந்து பிளஸ் டூ பசங்களுக்கு கிளாஸ் வீடியோ எடுக்கிறேன். டைல்ஸ் தரை, கான்கிரீட் சீலிங், உயரம் 10 அடி. குரல் டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. ஆன்லைன்ல விக்கிற ஒரு இஞ்ச் பிரமிடு ஃபோம் வாங்கி நாலு சுவரும் ஒட்டிடலாமா? இல்ல நானே பேனல் செஞ்சா எத்தனை வேணும்? சரியாச்சான்னு ஃபோன்ல செக் பண்ண முடியுமா?"

பதில்: ஃபோம் வேணாம் சார், பேனலே செய்யுங்க. 2க்கு 4 அடி சைஸ்ல சுமார் 12 வேணும். ஃபோன்ல தாராளமா அளக்கலாம், ஆனா பேனல் செய்றதுக்கு முன்னாடியே ஒரு தடவ அளந்துடணும், ஏன்னா எத்தனைங்கற கணக்கு அந்த அளவுல இருந்துதான் வருது.

ஃபோம் ஏன் வேணாம்னா, ஒரு இஞ்ச் தடிமன்ல இருக்கிற எதுவுமே 1000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் நல்லா உறிஞ்சும், குரலோட கனம் இருக்கிற 125, 250 பக்கம் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பிடும். நாலு சுவரும் ஒட்டினீங்கன்னா "ஸ", "ச" எல்லாம் மழுங்கிப் போயி அடியில இருக்கிற "பும்"மு சத்தம் மட்டும் தங்கிடும், இப்ப டப்பா மாதிரி கேக்குறது அப்புறம் தலைகாணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும். அதுவும் இல்லாம சாதா பியூ ஃபோம் தீப்பிடிச்சா மளமளன்னு எரியும், புகையும் விஷம். முட்டை ட்ரே ஐடியாவையும் இதோட விட்டுடுங்க, அந்த மெல்லிசு அட்டை பெருசா எதையும் உறிஞ்சாது.

இப்ப அளக்கிறதுக்கு வருவோம். சத்தம் நின்னதும் அதோட வால் 60 டெசிபெல் இறங்க எவ்வளவு நேரம் ஆகுதோ அதான் ரிவெர்பரேஷன் டைம். பெரிய பலூன் ஒரு பாக்கெட் வாங்குங்க. ஃபேன், ஏசி ஆஃப் பண்ணுங்க, பக்கத்து ரூம்ல ஃபிரிட்ஜ் ஓடினா அதையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. ஃபோனை நீங்க உக்காந்து பேசுற இடத்துல ஸ்டாண்டுல வெச்சுட்டு, ரூமோட எதிர் மூலைப் பக்கம் போய் பலூனை உடைங்க, நடுவுல ரெண்டு மூணு மீட்டராவது இருக்கட்டும். ரொம்பக் கிட்ட உடைச்சா ஃபோன் மைக் தாங்காது, அலையோட தலை கத்தியால வெட்டின மாதிரி தட்டையா வரும், அந்த ரெக்கார்டிங் உதவாது.

இதுல முக்கியமான விஷயம் ரெக்கார்டர் ஆப். ஃபோனோட வர்ற சாதா வாய்ஸ் ரெக்கார்டர் பல நேரம் நமக்கு நல்லது செய்றதா நெனச்சு ரெண்டு வேலை பண்ணும், சத்தம் குறைஞ்சா தானா வால்யூமைத் தூக்கும், இல்லன்னா சின்ன சத்தத்தையெல்லாம் இரைச்சல்னு நெனச்சு வெட்டிடும். மொதல்ல சொன்னது நடந்தா எதிரொலி இருக்கிறத விட நீளமா காட்டும், ரெண்டாவது நடந்தா குட்டையா காட்டும். அதனால `WAV` ஃபார்மட்ல பதியுற, ஆட்டோ கெயினும் நாய்ஸ் சப்ரஷனும் ஆஃப் பண்ண முடியற ஆப்பா பாத்து போடுங்க.

ஃபைலை கம்ப்யூட்டர்ல `Audacity`ல திறங்க. `High-Pass Filter` 350க்கும் `Low-Pass Filter` 2800க்கும் போட்டா பேச்சுக்குத் தேவையான நடுப்பகுதி மட்டும் நிக்கும். அப்புறம் டிராக்கை டெசிபெல் ஸ்கேலுக்கு மாத்தினா பலூன் உடைஞ்ச உச்சியில இருந்து ஒரு சரிவு இறங்குறது தெரியும். உச்சியில இருந்து 5 டெசிபெல் கீழ ஒரு புள்ளி, 25 டெசிபெல் கீழ ஒரு புள்ளி, நடுவுல எவ்வளவு நேரம்னு பாத்து மூணால பெருக்குங்க. முழுசா 60 இறங்குறத ஃபோன்ல பாக்க முடியாது, அதுக்குள்ள ரூமோட அடி இரைச்சல் வந்துடும், அதான் 20க்கு அளந்து மூணு மடங்கு எடுக்கிறோம். அந்த அடி இரைச்சல் உச்சியில இருந்து 35 டெசிபெல்லாவது கீழ இருக்கணும், இல்லன்னா வண்டி போக்குவரத்து அடங்கின ராத்திரியில மறுபடி எடுங்க.

சரிவு ஓரளவு நேர்கோடா இருந்தா நம்பலாம். பாதியில செங்குத்தா விழுந்துச்சுன்னா நாய்ஸ் சப்ரஷன் கத்திரி போட்டிருக்கு, ஒரு இடத்துல படுத்துக்கிச்சு இல்ல மேல ஏறுச்சுன்னா ஆட்டோ கெயின். இப்படி எதுவும் இல்லாத நாலஞ்சு பலூன எடுத்து சராசரி பாருங்க.

உங்க ரூம் மாதிரியே இன்னொருத்தர் ரூம், அதே 10க்கு 12, மேஜையும் ஒரு பீரோவும் மட்டும் இருந்தது, அங்க எடுத்த ரெக்கார்டிங்க வெச்சே கணக்கக் காட்டுறேன். மைனஸ் 5ல இருந்து மைனஸ் 25க்கு இறங்க 0.4 விநாடி, மூணால பெருக்கினா 1.2 விநாடி. இதுக்கு மேல சபைன் ஃபார்முலாதான், அளவெல்லாம் அடியில:

```
T = 0.049 × V / A
```

T விநாடி, V ரூமோட கன அளவு, A ரூம் மொத்தமா எவ்வளவு சத்தத்தை முழுங்குதுங்கறது. A-ஐ சதுர அடி திறந்த ஜன்னல்னு நெனச்சுக்கலாம், ஏன்னா திறந்த ஜன்னல் வழியா போன சத்தம் திரும்ப வராது. (ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல வாத்தியார் பேசுறதே புரியலன்னு 1895ல வாலஸ் சபைன்கிட்ட வேலையக் கொடுத்தாங்க, அவர் பக்கத்து தியேட்டர் சீட் குஷனயெல்லாம் ராத்திரி தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு, ஆர்கன் பைப் ஊதி, காதாலயே கேட்டு நேரம் அளந்துதான் இதக் கண்டுபிடிச்சாரு. நம்ம கையில ஃபோன் இருக்கு.)

V = 10 × 12 × 10, அதாவது 1200 கன அடி. 0.049ஆல பெருக்கினா 58.8. அத 1.2ஆல வகுத்தா 49. ஆக அந்த ரூம்ல 49 சதுர அடி ஜன்னல் திறந்திருக்கிற அளவுக்குத்தான் உறிஞ்சல் இருக்கு, சுவர், தரை, சீலிங் எல்லாம் சேத்து 680 சதுர அடி இருக்கிற ரூம்ல அது ரொம்பக் கம்மி. பேச்சு ரெக்கார்டிங்குக்கு 0.45 விநாடி கிட்ட வந்தா போதும், 0.3க்குக் கீழ போனா எனக்கென்னவோ பேசுறவங்களுக்கே தொண்டை வலிக்கும், தன் குரல் காதுக்கு வராது. 58.8ஐ 0.45ஆல வகுத்தா 131. இருக்கிற 49 போக 82 சேக்கணும். ரெண்டு இஞ்ச் ராக்வுல் பேனல் பேச்சு அலைவரிசையில 85 சதவீதம் உறிஞ்சும்னு அடக்கமாவே வெச்சுக்கிட்டா 96 சதுர அடி வேணும், ஒரு பேனல் 8 சதுர அடி, அதான் 12. உங்க ரூம்ல கட்டில் மெத்தையோ துணி சோஃபாவோ இருந்தா T ஏற்கனவே கம்மியா வரும், பேனலும் குறையும், அதனால உங்க நம்பரப் போட்டு ஒரு தடவ கணக்கு பண்ணிக்கோங்க.

செய்றது கஷ்டமில்ல. ஏசி டக்ட் இன்சுலேஷன் விக்கிற கடையில 48 டென்சிட்டி, 50 எம்எம் ராக்வுல் ஸ்லாப் கேளுங்க. 1200க்கு 600 எம்எம் சைஸ் கிடைச்சா வெட்டவே வேணாம், ஸ்லாப் ஒண்ணு ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாதான் இருக்கும். ரெண்டு இஞ்ச் ரீப்பர் கட்டையில ஃபிரேம் அடிச்சு, பின்னாடி மெல்லிசு துணி, உள்ள ஸ்லாப், முன்னாடி காடாத்துணியோ சாக்குத்துணியோ இழுத்து ஸ்டேப்லர் அடிங்க. ஸ்லாப்பைத் தொடும்போது கிளவுஸ், மாஸ்க், முழுக்கை சட்டை கட்டாயம், அந்த நார் தோல்ல பட்டா அரிப்பு எடுத்துடும். துணி வாங்கும்போது வாயில வெச்சு ஊதிப் பாருங்க, காத்து அந்தப் பக்கம் ஈஸியா போகணும். ரெக்ஸின், பிளாஸ்டிக் கோட்டிங் துணி போட்டா மேல்வரிசை சத்தம் உள்ளயே போகாம திரும்பிடும், பேனல் அழகா தொங்கும், வேலை பாதிதான் செய்யும்.

சுவரோட ஒட்டி அறையாதீங்க. பின்னாடி ரெண்டு இஞ்ச் கட்டை கொடுத்துத் தள்ளி மாட்டுங்க. சுவர் மேலயே காத்து அசையாது, சுவரை விட்டுத் தள்ளத் தள்ளத்தான் அசைவு அதிகம், அந்த அசைவ நார் உரசி சூடாக்கித்தான் சத்தம் சாகுது. 500 ஹெர்ட்ஸ் அலையோட கால்பாகமே 17 சென்டிமீட்டர், அதனால அந்த ரெண்டு இஞ்ச் காலி இடம் இன்னொரு ஸ்லாப் காசு இல்லாமலே கீழ்வரிசைக்கு நல்ல பலன் கொடுக்கும்.

எங்க மாட்டுறதுன்னா, சீலிங்கை விட்டுடாதீங்க, பெரும்பாலானவங்க அங்கதான் கோட்டை விடுறாங்க. நடுவுல 48 இஞ்ச் ஃபேன் இருந்தாலும் 12 அடி நீளத்துல ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி மிச்சம், பக்கத்துக்கு ரெண்டா நாலு பேனல், இறக்கையில இருந்து நல்லா தள்ளி, ஆங்கர் போல்ட்டு போட்ட கொக்கியில தொங்கட்டும். மீதி எட்டுல முகம் பாக்குற சுவர்ல ரெண்டு, முதுகுப் பக்கம் ரெண்டு, பக்கவாட்டுல ஒவ்வொண்ணு, கடைசி ரெண்டு மூலையில குறுக்கா நிமிர்த்தி. சுவர் பேனல் தரையில இருந்து ரெண்டு அடில ஆரம்பிச்சு ஆறு அடி வரைக்கும் இருந்தா உக்காந்து பேசுற வாய் உயரம் நடுவுல வரும்.

மாட்டினதும் அதே இடம், அதே ஆப், அதே மாதிரி பலூன், மறுபடி அளங்க. 0.45 கிட்ட வந்தா சரி. 0.6 வந்துச்சுன்னு வைங்க, 58.8ஐ 0.6ஆல வகுத்தா 98, பழைய 49 போக பேனல் கொடுத்தது இன்னொரு 49தான், எதிர்பாத்தது 82, எங்கயோ ஒழுகுது. அப்ப சரிவைப் பாருங்க. மொதல்ல வேகமா இறங்கி அப்புறம் மெதுவா இழுத்துச்சுன்னா ரெண்டு மொட்டைப் பரப்பு நேருக்கு நேர் நிக்குது, அதுக்கு நடுவுல சத்தம் பந்தாடுது. கை தட்டினா "ட்ர்ர்ர்"னு ஒரு அதிர்வு கேக்கும். எதிரெதிர் சுவர்ல ஒரு பேனலை நகர்த்தி, மொட்டை இடத்துக்கு எதிர்ல துணி வர்ற மாதிரி பண்ணினாலே நேராகும். சரிவு நேரா இருந்தும் நம்பர் குறையலன்னா துணியையும் பின்னாடி இடைவெளியையும் சந்தேகப்படுங்க.

ஒண்ணு மட்டும் இந்த முறையில வராது. இவ்வளவு சின்ன ரூம்ல சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ ரிவெர்பரேஷன் டைம்ங்கற கணக்கே சரியா பொருந்தாது, அங்க ரூமோட சொந்த அதிர்வுகள் தனித்தனியா நிக்கும். உங்க ரூம்ல அகலமும் உயரமும் 10 அடியா போச்சு, ரெண்டுக்கும் ஒரே அதிர்வு, 56 ஹெர்ட்ஸ், அதோட இரட்டை 113, ஆம்பளைக் குரலோட அடி ஸ்தாயி சரியா அங்கதான் இருக்கு. வாயை மூடி "ம்ம்ம்"னு கீழ இருந்து மேல ஏத்திப் பாருங்க, ஒரு இடத்துல ரூமே சேந்து முழங்கும். 12 பேனலும் இத முழுசா அடக்காது, ஆனா சேரை நகர்த்தினா நிறைய குறையும்: 113ஓட அழுத்தம் அகலத்துல நடுப்புள்ளியிலயும் சுவர்லயும் உச்சம், கால்பாகத்துல கம்மி. அதனால 10 அடி அகலத்துல நட்டநடுவுல உக்காராம பக்கச் சுவர்ல இருந்து ரெண்டரை அடி கிட்ட மைக் வர்ற மாதிரி சேரைப் போட்டு, அந்தச் சுவர் பேனலையும் அங்கயே கொண்டு வந்துடுங்க.