கை நடுக்கம், மெதுவான நடை: பார்க்கின்சன் மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு. வலது கை நடுங்குது, எல்லாமே மெதுவாயிடுச்சு. பார்க்கின்சன்னு எப்படி உறுதி பண்றாங்க? மாத்திரையை நேரத்துக்குப் போடணும்னு சொல்றாங்களே, ஏன்?

காவேரிப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சில வருடங்களாக இது இருக்கிறது.

நடுக்கத்தைவிட மெதுவாவதைத்தான் டாக்டர்கள் முதலில் பார்க்கிறார்கள். அம்மா இடது கையை வீசாமல் நடக்க ஆரம்பித்தார். கூடவே தோள்வலி. நடுக்கம் அப்புறம்தான் வந்தது. கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும், டம்ளரை எடுத்தால் அடங்கும். இரண்டு கையும், அதுவும் டம்ளரைத் தூக்கும்போது நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம்.

இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. சேலத்தில் நரம்பியல் டாக்டர் அம்மாவைக் கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். வலது கை சீராகத் தட்டியது. இடது கையில் வேகம் குறைந்து, விரல் விரிவதும் போகப்போகச் சுருங்கியது. மணிக்கட்டை அசைத்து விறைப்பு பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தது வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடு, வயிற்றுக்குத் தரும் லெவோசல்பிரைடு ஆகியவையே சிலருக்கு இதே அறிகுறிகளைக் கொண்டுவரும்.

இனி நேரம். பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் அதிக நேரம் நிற்காது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். நோய் முற்றும்போது மூளையால் அதைச் சேர்த்து வைக்க முடியாது, அடுத்த வேளை தள்ளிப்போனால் உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்குக் காலை மாத்திரை நன்றாக வேலை செய்தது. மதிய மாத்திரை மட்டும் செய்யவில்லை. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை கால் இளகிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினோம். மதியம் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டிருந்தார். பருப்பு, பால், முட்டையில் இருக்கும் புரதம் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவோடு போட்டி போடும். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை குடலுக்கு இறங்கவும் நேரமாகும். டாக்டர் அளவைக் கூட்டவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு போடச் சொன்னார், மதியமும் சரியானது. கொள்ளை நிறுத்தவில்லை, இரவுக்கு மாற்றினோம்.

வெறும் வயிற்றில் குமட்டினால் பாலுக்குப் பதில் ஒரு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிடாதீர்கள்: திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.