ஃபீடர் கடைசியில் இருந்தாலும் 6 கேஏ எம்சிபி போதாது

கேள்வி: மண்டபம் ஊரில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 11 கேவி / 433 வோல்ட், இம்பீடன்ஸ் 4.5%. எங்கள் 11 கேவி முனையில் ஃபால்ட் லெவல் 100 எம்விஏ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "நாம ஃபீடர் கடைசியில இருக்கோம், மெயின் பேனலுக்கு 6 கேஏ எம்சிபி போதும்" என்கிறார் வயர்மேன். 40 மீட்டர் தள்ளியிருக்கும் பேக்கிங் ஷெட்டுக்கும் அதையே போடலாமா?

பதில்: ஷெட்டில் போடலாம், மெயின் பேனலில் கூடாது. 6 கேஏ என்பது, ஷார்ட் ஆகும்போது அந்த எம்சிபி பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய உச்சக் கரண்ட். அந்த இடத்தில் ஓடக்கூடிய ஷார்ட் சர்க்யூட் கரண்ட் அதைத் தாண்டக் கூடாது.

எல்லா இம்பீடன்ஸையும் 433 வோல்ட் பக்கத்திலிருந்து பார்க்கிற மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் விஷயம் விளங்கிவிடும். சோர்ஸுக்கு, அதாவது ஃபீடர் உட்பட டிரான்ஸ்ஃபார்மர் வரை வரும் 11 கேவி சப்ளைக்கு, 433-ன் வர்க்கத்தை 100 எம்விஏ-ஆல் வகுத்தால் சுமார் 1.9 மில்லி ஓம். டிரான்ஸ்ஃபார்மருக்கு, அதே வர்க்கத்தை 250 கேவிஏ-ஆல் வகுத்து 0.045-ஆல் பெருக்கினால் 33.7 மில்லி ஓம். இரண்டும் பெரும்பாலும் ரியாக்டன்ஸ்தான் என்பதால் நேராகக் கூட்டலாம்: 35.6 மில்லி ஓம். ஒரு ஃபேஸ் வோல்டேஜ் 250. மூன்று ஃபேஸும் சேர்ந்து ஷார்ட் ஆனால்:

```
I = 250 / 0.0356 = 7,020 A
```

அதாவது 7 கேஏ. வயர்மேன் சொல்லும் நீள ஃபீடர் இதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 35.6-ல் அதன் பங்கு 1.9 தான். ஃபால்ட் லெவல் 40 எம்விஏ-ஆக விழுந்தாலும் சோர்ஸ் 4.7 மில்லி ஓம் ஆகும், கரண்ட் 6.5 கேஏ-வுக்குத்தான் இறங்கும். இவ்வளவு சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் கரண்டுக்கு அணை போடுவது டிரான்ஸ்ஃபார்மரே, ஃபீடர் அல்ல. உப்புக்காற்றில் அரித்த ஜாயின்ட்டுகளின் ரெசிஸ்டன்ஸை நம்பியும் கரண்டைக் குறைத்துக் கணக்கிடாதீர்கள். நாளைக்கே அதைச் சுத்தம் செய்து முறுக்கிவிட்டால் கரண்ட் பழையபடி ஏறிவிடும்.

ஷெட்டுக்குப் போவது 25 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் என்று வைத்துக்கொள்கிறேன். கிலோமீட்டருக்கு 1.2 ஓம், ஆக 40 மீட்டருக்கு 48 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ், கூடவே 3.2 மில்லி ஓம் ரியாக்டன்ஸ். பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டி 87 என்று போட்டு, 2.9 கேஏ என்று முடித்துவிடுவார்கள். ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பவை, வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். ரியாக்டன்ஸ் 35.6-உம் 3.2-உம் சேர்ந்து 38.8:

```
Z = √(48² + 38.8²) = 61.7 mΩ
I = 250 / 0.0617 = 4,050 A
```

4 கேஏ. அங்கே 6 கேஏ எம்சிபி தாராளம்.

மெயின் பேனலில் இன்னொன்றும் சேரும். ஷார்ட் ஆன கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் மோட்டார்கள் சில சைக்கிள்களுக்கு ஜெனரேட்டர் போல் கரண்டைத் திருப்பி அனுப்பும், ஏறக்குறைய ஓடும் கரண்டைப்போல ஐந்து மடங்கு. 150 ஆம்பியர் மோட்டார்கள் ஓடினால் முக்கால் கேஏ கூடி, 7.8-ஐத் தொடும். அதனால் அங்கே 10 கேஏ எம்சிபி வாங்குங்கள். முகப்பில் சிறு செவ்வகக் கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருக்கும், 6 கேஏ என்றால் 6000.

பின்னால் 500 கேவிஏ-வுக்கு மாறினால், இம்பீடன்ஸ் அதே 4.5% என்றாலும், பேனலில் 13 கேஏ-வைத் தாண்டிவிடும். அப்போது இந்த 10 கேஏ எம்சிபிகளும் போதாது.