ஐந்தாம் விடையைக் குருட்டாம்போக்கில் போடாதீர்கள்

கேள்வி: சேர், நான் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறேன். இரசாயனவியல் முதலாம் தாளில் 31 முதல் 40 வரையான கேள்விகளில்தான் புள்ளி போகிறது. நாலு கூற்றில் ஒன்றிரண்டு எப்படியும் தெரியாமல் இருக்கும். தெரியாவிட்டால் 5ஐப் போடு என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். போடலாமா, இல்லை வெறுமையாக விடுவதா? - மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், வெறுமையாக மட்டும் விட வேண்டாம். உயர்தரப் பல்தேர்வுத் தாளில் பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆனால் 5ஐப் போடுவதற்கு முன் அந்தப் பத்துக் கேள்விகளின் கட்டமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். தெரிந்த இரண்டு கூற்றை வைத்தே சில வேளை முழு விடையையும் பிடித்துவிடலாம்.

1 என்றால் (a), (b) மட்டும் சரி. 2 என்றால் (b), (c) மட்டும். 3 என்றால் (c), (d) மட்டும். 4 என்றால் (d), (a) மட்டும். மற்ற எதுவானாலும் 5. நான்கு சோடியிலும் (a)யும் (c)யும் ஒன்றாக வரவில்லை, (b)யும் (d)யும் ஒன்றாக வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதேபோல் ஒவ்வொரு சோடியிலும் (a), (c) இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கிறது. ஆகவே (a), (c) இரண்டும் சரியானாலும், இரண்டும் பிழையானாலும், விடை 5தான். மற்ற இரண்டு கூற்றையும் வாசிக்கவே தேவையில்லை. (b), (d)க்கும் இதே கதை.

அமோனியாவை வைத்துப் பார்ப்போம்.

(a) இதன் நீர்க்கரைசல் கார இயல்புடையது.
(b) மூலக்கூறு தள முக்கோணி வடிவமானது.
(c) அறை வெப்பநிலையில் வளியிலும் அடர்த்தி குறைந்தது.
(d) நைதரசனின் ஒட்சியேற்ற எண் −3.

உங்களுக்கு வடிவமும் ஒட்சியேற்ற எண்ணும் மறந்துவிட்டன என்று வையுங்கள். (a) சரி. மூலர்த் திணிவு 17, வளிக்கோ ஏறக்குறைய 29. ஆகவே (c)யும் சரி. வேலை முடிந்தது, விடை 5.

இப்போது மாற்றி, (a) சரி, (b) பிழை என்பது மட்டும் தெரியும் என்போம் (தனிச்சோடி ஒன்று இருப்பதால் வடிவம் கூம்பகம்). (b) பிழையென்றால் 1, 2 இரண்டும் போயின. (a) சரியென்றால் 3உம் போயிற்று, ஏனென்றால் அது (c), (d) *மட்டும்* என்கிறது. இந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மிச்சம் 4உம் 5உம். அடுத்தடுத்த இரண்டு கூற்று உறுதியாகத் தெரிந்தால் எப்போதும் இரண்டு விடைதான் மிஞ்சும். இனி (c), (d) இரண்டில் எது உங்களுக்குக் கிட்டவோ அதில் கொஞ்சம் மூளையைச் செலவழியுங்கள். (c) சரி என்று பட்டாலோ, (d) பிழை என்று பட்டாலோ 5. இரண்டுமே பிடிபடவில்லையா, அப்போது ஊகித்துப் போடுங்கள். ஐந்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இப்போது இரண்டில் ஒன்று.

41 முதல் 50 வரை வேறு வகை. அங்கே இரண்டு கூற்று வரும். இரண்டும் உண்மையாகி, இரண்டாவது முதலாவதற்குச் சரியான விளக்கமானால் 1, விளக்கமாகாவிட்டால் 2. முதலாவது மட்டும் உண்மை என்றால் 3, இரண்டாவது மட்டும் என்றால் 4, இரண்டும் பிழை என்றால் 5. முதலாம் கூற்று பிழை என்று தெரிந்தாலே 4, 5 மட்டும் மிஞ்சும். அங்கே சறுக்குவது 1க்கும் 2க்கும் இடையில். NH₃ இன் கொதிநிலை PH₃ இனதிலும் உயர்வு. NH₃ நீரில் நன்றாகக் கரையும். இரண்டும் உண்மை. நடுவில் 'ஏனெனில்' போட்டு வாசித்துப் பாருங்கள், ஒட்டாது. கொதிநிலை உயர்வதற்குக் காரணம் அமோனியா மூலக்கூறுகளுக்கிடையிலான ஐதரசன் பிணைப்பு, கரைதிறன் அல்ல. ஆகவே 2.

இந்த முறை கவிழ்வது ஓர் இடத்தில்தான். 'உறுதி' என்று நினைத்த கூற்று உறுதியில்லாமல் இருந்தால், சரியான விடையையே முதலில் வெட்டிவிடுவீர்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடந்தகால வினாத்தாள் செய்யும்போது, ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் எத்தனை விடை மிஞ்சியிருந்தது என்று 2 அல்லது 3 என எழுதி வையுங்கள். திருத்தும்போது '2' எழுதியவற்றை மட்டும் எண்ணுங்கள். நாலைந்து தாளில் சேர்த்துப் பார்த்தும் அவற்றில் பாதிகூடச் சரி வராவிட்டால், பிழை ஊகத்தில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. எந்தப் பாட அலகில் பிழையாக வெட்டினீர்கள் என்று பார்த்து அதைத் திரும்பப் படியுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மணித்தியாலத்தில் 50 கேள்வி, ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. மிஞ்சிய விடைகளை வினாத்தாளில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து ஒன்றைத் தெரிவுசெய்து புள்ளடி போடுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு புள்ளடி போட்டால் அந்தப் புள்ளி கிடைக்காது.

பின்னாளில் பிழைக்குப் புள்ளி கழிக்கும் பரீட்சை ஏதும் எழுத நேர்ந்தால் கணக்கு மாறும். ஐந்து விடை, பிழைக்குக் கால் புள்ளி கழிவு என்றால், கண்ணை மூடிப் போடுவதில் சராசரியாக இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது சரியாக வெட்ட முடிந்தால் அங்கேயும் போடலாம்.