மச்சான் போட்டுக் கொடுத்த டாப்-அப்

கேள்வி: கம்பெனியில் எங்கள் குடும்பத்துக்கு 3 லட்சம் மெடிக்கல் பாலிசி இருக்கிறது. ஏஜென்ட்டாக இருக்கும் மச்சான் சொன்னதால், 3 லட்சம் டிடக்டிபிளுடன் 10 லட்சத்துக்கு டாப்-அப்பும் எடுத்தேன். அப்பாவுக்கு ஜூலையில் 2.8 லட்சம், நவம்பரில் 2.6 லட்சம் செலவானது. டாப்-அப்பில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. நகையை அடகு வைத்துத்தான் பில் கட்டினேன். இப்போது 50 லட்சத்துக்கு, 5 லட்சம் டிடக்டிபிளுடன் வேறு பாலிசிக்கு மாறச் சொல்கிறார் மச்சான். பிரீமியமும் குறைவு. மாறலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இன்சூரன்ஸ் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது சாதாரண டாப்-அப். டிடக்டிபிள் என்ற தொகை வரை அவர்கள் எதுவும் தர மாட்டார்கள். அதில் ஒவ்வொரு கிளெய்மும் தனித்தனியாக அந்த 3 லட்சத்தைத் தாண்ட வேண்டும். ஜூலை பில்லும் தாண்டவில்லை, நவம்பர் பில்லும் தாண்டவில்லை. ஆபீஸ் பாலிசியில் ஜூலைக்குப் பிறகு மிஞ்சியது 20 ஆயிரம். அதுபோக 2.4 லட்சம் உங்கள் தலையில் விழுந்தது.

இதுவே சூப்பர் டாப்-அப்பாக இருந்திருந்தால், பாலிசி வருடத்தின் செலவுகளை ஒன்றாகக் கூட்டியிருப்பார்கள். 5.4 லட்சத்தில் 3 லட்சம் போக, அந்த 2.4 லட்சத்தை அவர்கள் கொடுத்திருப்பார்கள். கையுறை, பதிவுக் கட்டணம் போன்று பாலிசி ஏற்காதவற்றைக் கழித்தால் கொஞ்சம் குறையும். பேரில் ஒரு சொல்தான் வித்தியாசம், உங்களுக்கோ ஒரு அடகுக் கடன்.

மச்சான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். அவர் மனம் கோணுமே என்று பாலிசியைப் பிரித்துப் பார்க்காமல் விட்டதுதான் நகையை அடகுக் கடைக்கு அனுப்பியது.

புதிய யோசனையும் அதே ரகம்தான். ஆபீஸ் தருவது 3 லட்சம், டிடக்டிபிள் 5 லட்சம். நடுவில் இருக்கும் 2 லட்சத்தை யார் கொடுப்பார்? பிரீமியம் குறைவதே அந்த 2 லட்சத்தை உங்கள் பக்கம் தள்ளிவிட்டதால்தான். 50 லட்சம் என்ற எண் கண்ணைப் பறிக்கும். அப்பாவுக்கு வரும் பில்களோ மூன்று லட்சத்தைச் சுற்றியே வருகின்றன.

3 லட்சம் டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப்பைக் கேளுங்கள். பாலிசித் தாளில் டிடக்டிபிள் 'ஒவ்வொரு கிளெய்முக்கும்' என்றிருக்கிறதா, 'பாலிசி வருட மொத்தத்துக்கும்' என்றிருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். அப்பாவின் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை போகலாம். பழைய பாலிசியில் கழிந்த காலம் இதில் சேருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். புதியது கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள்.

இன்னொன்று: முதல் பில் டிடக்டிபிளுக்குள்ளேயே அடங்கினாலும் சூப்பர் டாப்-அப் கம்பெனிக்கு அப்போதே தகவல் சொல்லிவிடுங்கள். பில் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபீஸ் பாலிசி எவ்வளவு கொடுத்தது என்ற செட்டில்மென்ட் கடிதம் மூன்றையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது பில் வரும்போது, 3 லட்சம் எப்படித் தீர்ந்தது என்று காட்ட இவைதான் கேட்பார்கள். பாலிசியைப் புதுப்பித்ததும் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.