"மே கன்டெயின்" இல்லாத பக்கற்றை நம்பலாமா?

கேள்வி: 35 வயதுக்குப் பிறகு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. பக்கற்றில் "மே கன்டெயின்" என்று போடவில்லை என்றால் பயமில்லாமல் சாப்பிடலாமா? கணவாயும் கூடாதா?

நம்ப வேண்டாம். "கன்டெயின்ஸ்" என்பதும் "மே கன்டெயின்" என்பதும் பக்கற்றில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தாலும் வேறு வேறு சங்கதிகள். முதலாவது, அந்தப் பொருளைப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்பது. ஒவ்வாமைப் பொருட்களைப் பெயர் சொல்லிக் காட்டச் சட்டம் உள்ள நாடுகளில் அதை மறைக்க முடியாது. இரண்டாவது, அதே மெஷினிலோ அதே கட்டடத்திலோ வேறொன்று ஓடியதால் தூளாகக் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. பெரும்பாலான நாடுகளில் அதைப் போடுவதும் விடுவதும் கம்பனிக்காரரின் விருப்பம். ஒருவர் நேர்மையாகப் போடுவார், அதே மாதிரித் தொழிற்சாலை வைத்திருக்கும் இன்னொருவர் போடமாட்டார். ஆகவே அந்த வரி இருந்தால் தவிருங்கள். இல்லையென்றால் "கலப்பில்லை" என்று யாரும் சொல்லிவிடவில்லை.

நானும் உங்களைப்போலத்தான். நந்திக்கடல் இறாலில் வளர்ந்த ஆள், 30 தாண்டிய பிறகு உதடு வீங்கத் தொடங்கியது. இந்த வகை ஒவ்வாமை வளர்ந்த பிறகு வருவது வழமையான விசயம்தான். பெரும்பாலும் காரணமாக இருப்பது ட்ரோபோமயோசின் என்ற புரதம். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது, குழம்பிலும் இறங்கிவிடும். அதனால் ஒடியல் கூழில் இறாலையும் நண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கூழை மட்டும் குடிக்கலாம் என்ற வீட்டு யோசனையை மறந்துவிடுங்கள்.

கணவாய், மட்டி, சிப்பி வேறு குடும்பம். இறால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. வீட்டில் தின்று பார்த்துக் கண்டுபிடிக்காமல் டொக்டரிடம் சோதித்து அறியுங்கள். பக்கற்றில் இதற்கொரு பொறி இருக்கிறது. இந்தியாவின் கட்டாயப் பட்டியலில் இறால், நண்டு வகை உண்டு, கணவாய், சிப்பி வகை இல்லை. பிரித்தானியாவிலும் கனடாவிலும் இரண்டையும் காட்ட வேண்டும். எனவே இந்தியப் பக்கற்றில் எச்சரிக்கை வரியோடு நிற்காமல், சேர்பொருட்கள் முழுவதையும் வாசித்து "ஒய்ஸ்டர்", "ஸ்குவிட்" என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள்.

லண்டனில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த நூடில்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கோழிப்படம். பின்னால் நூடில்ஸின் பட்டியலில் கோதுமை மட்டும்தான் தடித்த எழுத்தில் இருந்தது, அதோடு நிறுத்தியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். உள்ளே இருந்த சுவைத்தூளுக்குத் தனிப் பட்டியல், அதில் இறால் தூள்! கோழிப் படம் போட்டவருக்கு இறால் எதற்கு என்று தெரியவில்லை. பிறகு அதே பெயர் நூடில்ஸ் கிளிநொச்சிக் கடையொன்றில் கண்டேன். வேறு நாட்டில் செய்தது, பட்டியலும் வேறு. போனமுறை வாசித்தோம் என்று இந்தமுறை வாசிக்காமல் விடக்கூடாது.

பக்கற் இல்லாத இடம்தான் இன்னும் சிக்கல். கொத்துக் கடையில் நான் கேட்டபோது, "துடைச்சுப்போட்டுத்தான் தம்பி கொத்துறன், ஒண்டும் செய்யாது" என்றார் அண்ணை. முந்தின ஓடர் இறால் கொத்து. தட்டும் தகடும் அதேதான், துடைத்த துணியும் அதேதான். துடைத்தால் புரதம் பரவும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால்தான் போகும். வடைக்கடையில் இறால் வடை பொரித்த எண்ணெயும் அதே கதை. அங்கே பருப்பு வடையும் எனக்கு இல்லை.

கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களும் இதை வாசிக்கலாம். வற்றாப்பளைப் பொங்கல் நேரத்தில் வறுத்த கடலை வாங்கினால், அது கச்சான் வறுத்த அதே மணலில் வறுபட்டதா, அதே கையால் சரை கட்டியதா என்று கேளுங்கள். கை கழுவும் ஜெல் பூசினால் கச்சான் புரதம் போகாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும்.

தோல் தடிப்பு மட்டும் என்றால் பிரிட்டன் என்ற ஒவ்வாமைக் குளிசை உதவும். தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்று, சாப்பிட்ட கையோடு அடுத்தடுத்து வாந்தி என்று வந்தால் பிரிட்டனை விழுங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தேவை அட்ரினலின் ஊசி. வளர்ந்தவருக்கு வழமையாக 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி தூரமென்பதால், முதல் அறிகுறியிலேயே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தலைச்சுற்றினால் காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் இருக்க விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசியோடு சரியாகிவிட்டாலும் உடனே வீட்டுக்கு வரவேண்டாம், சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டு.