ரேஷன் ஸ்டோர் ஹவில்தாரும் ஒரகடம் கிடங்கு வேலையும்: கேள்வி பதில்

வேலூர் ஹவில்தார்: அண்ணே, ராணுவத்தின் சப்ளைப் பிரிவான ஏ.எஸ்.சி.யில் 17 வருஷம், கடைசியாக ரேஷன் ஸ்டோர் பொறுப்பு. ஒரகடத்தில் லாஜிஸ்டிக்ஸ் சூப்பர்வைசர் வேலைக்கு அனுப்பினேன், கூப்பிடவே இல்லை. "ஸ்டோர் என்.சி.ஓ., சி.ஆர்.வி. மற்றும் இஷ்யூ வவுச்சர் பராமரிப்பு" என்று போட்டிருந்தேன். 800 பேருக்கு ரேஷன், என் கீழே 9 பேர்.

தம்பி, அந்த வரியைப் படிக்கிற ஹெச்.ஆர். பெண்ணுக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள். "சரக்கு வரவு, ஜி.ஆர்.என்." என்று கேட்கிறார்கள். லாரியில் வந்தது பில்லோடு ஒத்துப்போகிறதா, உடைந்தது எத்தனை, குறைந்தது எத்தனை என்று எண்ணிப் பார்த்து நீங்கள் சி.ஆர்.வி. போட்டீர்களே, அதே வேலைதான். "இருப்புத் துல்லியம்" என்று கேட்பதற்கு வருஷா வருஷம் ஸ்டாக் போர்டு அதிகாரிகள் உட்கார்ந்து உங்கள் லெட்ஜரையும் மூட்டையையும் ஒப்பிட்டதுதான் பதில். ஆக வரி இப்படி வரட்டும்: "800 பேருக்கான உணவுப்பொருள் கிடங்கின் பொறுப்பு. 9 பேர் குழுவை வைத்து வரவு, அடுக்கல், விநியோகம். காலாவதி முந்துவதை முதலில் அனுப்பும் முறை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் வேறுபாடு இல்லை." கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். சிலர் அதை 99.8 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள், நேர்காணலில் எதை எதால் வகுத்தீர்கள் என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். யூனிட் பெயர், இருந்த இடம், எந்த வருஷம் எங்கே எவ்வளவு சரக்கு என்பதெல்லாம் ரெஸ்யூமேக்குள் வரவே கூடாது.

லடாக் பக்கம் இருந்திருந்தால் குளிர்கால இருப்பு வேலையை விட்டுவிடாதீர்கள். பனியில் சோஜி லா கணவாய் மூடுவதற்குள் குளிர்காலச் சரக்கை மேலே ஏற்றி முடிக்க வேண்டும், தேதி தவறினால் லாரியில் அனுப்புவது கஷ்டம். கம்பெனிக்காரர்கள் தேவையை முன்கூட்டித் திட்டமிடத் தெரியுமா என்று கேட்பது இதைத்தான்.

சேலம் நண்பர்: இவ்வளவு எதற்கு? ஹவில்தார் என்றால் சூப்பர்வைசர், நாயப் சுபேதார் என்றால் மேனேஜர். ரேங்கைப் பெரிதாகப் போட்டாலே போதும்.

பாதி சரி. ஆள் நடத்தியவர் என்று ரேங்க் காட்டும், ஒரு வரியில் இருக்கட்டும். ஆனால் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குபவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். திங்கட்கிழமை பத்துப் பேர் வராவிட்டால் ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது, ஒப்பந்தக்காரரோடு பேசித்தான் ஷிஃப்ட்டை நிரப்ப வேண்டும். வேலூர் தம்பி போர்ட்டர்களையோ சி.எச்.டி. வாடகை லாரிகளையோ கையாண்டிருந்தால் அதைத் தனி வரியாகப் போடட்டும், ரேங்கைவிட அது அதிகம் பேசும்.

ஆம்பூர் மாணவர்: சார், அப்பா சுபேதாராக ரிட்டையர் ஆனவர். எனக்கு இந்த வேலையில் கோட்டா உண்டா?

தம்பி, இது தனியார் வேலை, கோட்டா கிடையாது. உங்களுக்கு வேறு சலுகை உண்டா என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

திருநெல்வேலி சகோதரி: வீட்டுக்காரர் இன்ஃபன்ட்ரி. ஸ்டோர் பார்த்ததே இல்லை, கான்வாய் மட்டும் நடத்தியிருக்கிறார். இதே மாதிரி எழுதலாமா அண்ணா?

வேண்டாம்மா. கிளம்பும் முன் வண்டிச் சோதனை, டிரைவர் ஓய்வு, நிற்கும் இடம், நேரத்துக்குப் போய்ச் சேர்வது, இவ்வளவும் இந்த விளம்பரத்தில் டிஸ்பேட்ச் பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். இருப்புக் கணக்கு கேட்டால் திணறுவார். வண்டிகளை மேற்பார்க்கும் டிரான்ஸ்போர்ட் வேலைகளுக்குப் போடச் சொல்லுங்கள், அங்கே அவர் முழுசாகப் பொருந்துவார்.

வேலூர் ஹவில்தார்: சரி அண்ணே. ஆனால் சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில், கிடங்கு மென்பொருளான டபிள்யூ.எம்.எஸ்., டிகிரி மூன்றும் கேட்டிருக்கிறார்களே. ஒன்றும் இல்லை.

இல்லாததை இருப்பதாக எழுதாதீர்கள். இ-வே பில் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் பில் வேண்டும், சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் அந்தப் பில்லின் பகுதி-பியில் புது வண்டி எண்ணை ஏற்ற வேண்டும். புது ஆட்கள் தவறவிடுவது இங்கேதான், சோதனையில் பிடித்தால் அபராதம். தெரிந்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். டபிள்யூ.எம்.எஸ். ஒவ்வொரு கம்பெனியிலும் வேறு மாதிரி இருக்கும். லெட்ஜர் தெரிந்தவருக்கு ஸ்கேனர் பெரிய விஷயமில்லை, ஆனால் எக்செல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

டிகிரிதான் சிக்கல். 15 வருஷ சேவைக்குப் பிறகு தரும் பட்டப்படிப்புச் சமநிலைச் சான்றிதழ் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கானது, தனியார் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹெச்.ஆர். தோழி: எங்கள் கம்பெனியில் அந்தச் சான்றிதழை ஏற்று எடுத்திருக்கிறோமே சார்.

நல்லதும்மா. நான் பார்த்த இடத்தில் ஆன்லைன் படிவத்தில் டிகிரி கட்டத்தை நிரப்பாவிட்டால் மேலே போகவே விடாது. தம்பி, அனுப்புவதற்கு முன் அந்தந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், சான்றிதழின் பெயரையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள்.